மாப்ளைக்கு, உன் ரெஸ்யூம் பத்தி

மாப்ள,

நல்லா இருக்கியா, தங்கச்சி குழந்தைங்க எல்லாம் சௌக்கியமா. இங்க வேல்யுவேஷன் கேம்ப் இப்பதான் முடிஞ்சுது, மூத்தவ பிளஸ் டூ முடிச்சிட்டா, பிசிக்ஸ் வேண்டாம் காமர்ஸ் போறேன்னு நிக்கிறா, நான் ஒண்ணும் சொல்லல. எய்டட் காலேஜ்ல அசிஸ்டென்ட் புரொஃபசர் போஸ்ட்டுக்கு நீ போடப்போறது ரொம்ப சந்தோஷம். சுயநிதி காலேஜ்ல இத்தனை வருஷம் உழைச்சதுக்கு இது கிடைக்கணும்டா. ரெஸ்யூமை உக்காந்து வரிவரியா படிச்சேன், தோணுனதை அப்படியே எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோ. யுஜிசி 2018 ரெகுலேஷன்ல காலேஜ் போஸ்ட்டுக்கு ஷார்ட்லிஸ்ட் பண்ண டேபிள் 3பி-ன்னு ஒரு மார்க் கணக்கு இருக்கு. பி.எச்டி.க்கு 25, ஜர்னல்ல வந்த பேப்பர் ஒண்ணுக்கு 2 வீதம் அதிகபட்சம் 6, டீச்சிங் அனுபவம் வருஷத்துக்கு 2 வீதம் அதிகபட்சம் 10. மீதி உன் யுஜி பிஜி மார்க், செட் பாஸ் பண்ணது, அப்புறம் அவார்டு இருந்தா அது. வொர்க்‌ஷாப் போனதுக்கும் கான்ஃபரன்ஸ்ல பேப்பர் படிச்சதுக்கும் அந்த டேபிள்ல தனியா மார்க்கே கிடையாது. ஆனா அந்த மார்க் எல்லாம் இன்டர்வியூவுக்கு கூப்பிடுறதுக்கு மட்டும்தான், உள்ள போயிட்டா இன்டர்வியூல நீ எப்படி பண்றியோ அதை வச்சுதான் செலக்‌ஷன். மேனேஜ்மென்ட் வேற மாதிரி வடிகட்டினாலும் கடைசில சப்ஜெக்ட் எக்ஸ்பர்ட் முன்னாடி உக்காரத்தான் வேணும், அங்க கேள்வி வர்றது நீ எழுதிக் கொடுத்த காகிதத்துல இருந்துதான். அதனால ஒவ்வொரு வரியையும் இதுல இருந்து என்ன கேப்பாங்கன்னு நினைச்சு எழுது.

நீ "சப்ஜெக்ட்ஸ் ஹேண்டில்ட்"னு போட்டு பதினாலு பாடத்தோட பேரை வரிசையா எழுதியிருக்க, குவான்டம் மெக்கானிக்ஸ்ல ஆரம்பிச்சு எலக்ட்ரோமேக்னடிக் தியரி, நியூக்ளியர், நானோ வரைக்கும். எது எம்.எஸ்சி.க்கு, எது பி.எஸ்சி.க்கு, எது தொடர்ந்து எடுத்தது, எது யாரோ லீவ்ல போனப்ப ஒரு செமஸ்டர் எடுத்ததுன்னு அதுல தெரியவே இல்ல. அதை மூணாப் பிரி. எம்.எஸ்சி.ல நீ பல பேட்ச் எடுத்த சாலிட் ஸ்டேட்டும் தின் ஃபிலிமும் முதல்ல வரட்டும், அடுத்து பி.எஸ்சி. மேஜர், அடுத்து கெமிஸ்ட்ரி, மேத்ஸ் பசங்களுக்கு எடுத்த அலைட் பிசிக்ஸ். எந்த வருஷத்துல இருந்து எதுவரைன்னு பக்கத்துலயே போடு. நியூக்ளியரை எடுத்துடு, ஒரே தடவைதான எடுத்த, அதுல எக்ஸ்பர்ட் ஒரு டெரிவேஷனை போர்டுல போடச் சொன்னா நமக்குத்தான் கஷ்டம்.

லேபை எங்கயுமே காணோமே மாப்ள? புதுசா சேர்றவங்களுக்கு டிபார்ட்மென்ட்ல பெரும்பாலும் அலைட் கிளாஸும் பிராக்டிகலும்தான் முதல்ல வரும், ஹெச்ஓடி மனசுல இருக்கிற கேள்வியே இவர் பேட்ச் பசங்களை வச்சு லேப் ஓட்டுவாரான்னுதான். கேரி ஃபாஸ்டர் பிரிட்ஜ், நியூட்டன்ஸ் ரிங்ஸ், ஸ்பெக்ட்ரோமீட்டர்னு நீ வருஷா வருஷம் நடத்துனதை எழுது. நான் பார்த்த ஒரு இன்டர்வியூல தியரி நல்லா சொன்ன ஒருத்தர்கிட்ட ஸ்பெக்ட்ரோமீட்டர் டெலஸ்கோப்பை பேரலல் ரேஸுக்கு எப்படி செட் பண்ணுவீங்கன்னு கேட்டாங்க, தூரத்துல இருக்கிற பொருளைப் பார்த்து ஃபோகஸ் பண்ணிட்டு அப்புறம்தான் காலிமேட்டர்ல ஸ்லிட்டைத் தெளிவாக்கணும், அவர் ஆர்டர் மாத்திச் சொல்லிட்டார், அதோட அந்த ரூம்ல முகமே மாறிடுச்சு. நீ இதை தூக்கத்துல கூடச் சொல்லுவ, அப்ப ஏன் எழுதாம விடுற.

மாணவர்கள் பத்தி "கைடட் மெனி ஸ்டூடன்ட்ஸ்"னு ஒரே வரில முடிச்சிட்ட. எம்.எஸ்சி. புராஜெக்ட் எத்தனை, எந்தெந்த வருஷம், ரெண்டு மூணு தலைப்பு, இவ்வளவு இருந்தா போதும். ஸ்ப்ரே பைரோலிசிஸ்ல ஜிங்க் ஆக்சைடு ஃபிலிம் போட்டு கேஸ் சென்சார் பண்ணாங்களே ரெண்டு பொண்ணுங்க, அந்தத் தலைப்பைக் கண்டிப்பா போடு, அது உன் பி.எச்டி. வேலையோட சேர்ந்து நிக்கும், ஸ்ப்ரே செட்டப்பை உன் காலேஜ்லயே நீ கட்டுனதையும் ஒரு வரி சேர். ஜாம் எக்ஸாமுக்கு சாயங்காலம் உக்காந்து சொல்லிக்கொடுத்ததையும், கிளாஸ் டியூட்டரா அரியர் வச்ச பசங்களைப் பிடிச்சு பாஸ் பண்ண வச்சதையும் எழுது, அதுக்கு ஹெச்ஓடி கையெழுத்துப் போட்ட லெட்டர் ஒண்ணு வாங்கிக்கோ. ஆனா "பி.எச்டி. கைடன்ஸ்"னு போட்டிருக்கியே, அதை எடுத்துடு. யூனிவர்சிட்டி கைட்ஷிப் ஆர்டர் உன் பேர்ல இல்ல, ஒரு ஸ்காலருக்கு உதவி பண்ணதும் கைடா இருந்ததும் வேற வேற, ஆர்டர் காட்டுங்கன்னு கேட்டுட்டா மத்த நல்ல வரிங்க மேலயும் சந்தேகம் விழுந்துடும்.

வொர்க்‌ஷாப் பக்கம் ரெண்டு முழுப் பக்கம் ஓடுது. 2020 லாக்டவுன்ல கூகுள் ஃபார்ம் ஃபில் பண்ணி வந்த ஈ-சர்டிபிகேட் எல்லாத்தையும் அடுக்கியிருக்க, ஒரு மணி நேர வெபினார் அத்தனையையும் தூக்கிடு. யுஜிசி ரெஃப்ரெஷர் கோர்ஸ் இருக்கட்டும் (அந்த சென்டர் பேரு இப்ப மாளவியா மிஷன்னு மாறிடுச்சு, உன் சர்டிபிகேட்ல ஹெச்ஆர்டிசின்னுதான் இருக்கும், சர்டிபிகேட்ல உள்ளபடியே எழுது), ஒரு வாரம் போன எஃப்டிபி இருக்கட்டும், எக்ஸ்ஆர்டி ஹேண்ட்ஸ்-ஆன் இருக்கட்டும், நேர்ல போய் எக்ஸாம் எழுதி முடிச்ச 12 வார என்பிடெல் இருக்கட்டும். ஒவ்வொண்ணுக்கும் எங்க, எத்தனை நாள், அப்புறம் முக்கியமா அதை வச்சு நீ கிளாஸ்ல என்ன மாத்துனன்னு. எக்ஸ்ஆர்டி போயிட்டு வந்துதான பசங்களுக்கு பீக்ல இருந்து கிரிஸ்டலைட் சைஸ் கணக்குப் போட வச்ச, அந்த ஒரு வரி பத்து சர்டிபிகேட்டுக்கு மேல.

பேப்பர்ஸ்லதான் நிறைய வேலை இருக்கு. கான்ஃபரன்ஸ்ல படிச்சதையும் ஜர்னல்ல வந்ததையும் ஒரே லிஸ்ட்ல நம்பர் போட்டு கலந்து வச்சிருக்க, பார்க்கிறவருக்கு எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுற மாதிரிதான் தெரியும். தனித்தனியா வை. கான்ஃபரன்ஸ்னா ஓரலா போஸ்டரா, நேஷனலா இன்டர்நேஷனலா, ஊர், தேதி. சர்டிபிகேட்டை எடுத்துப் பாரு, "பார்ட்டிசிபேட்டட்"னு மட்டும் இருந்தா அது பிரசன்டேஷன் லிஸ்ட்ல வரக்கூடாது. உன் லிஸ்ட்ல 4, 7, 9 மூணும் ஒரே ஃபிலிம் வேலைதான், தலைப்பு மட்டும் மாறியிருக்கு, அதுல கடைசியா படிச்சதை மட்டும் வச்சுக்கோ. ஜர்னல்ல உன் பேர் எத்தனையாவதா இருக்கோ அதே ஆர்டர்ல எல்லா ஆத்தர் பேரும், ஐஎஸ்எஸ்என், வருஷம், டிஓஐ இருந்தா அதையும் போடு. அந்த 2017 பேப்பருக்குப் பக்கத்துல "யுஜிசி அப்ரூவ்ட்"னு போட்டிருக்கியே, 2018 மே மாசம் அந்த லிஸ்ட்ல இருந்து 4305 ஜர்னலை எடுத்துட்டாங்க, அதுல உன்னுது இருக்கான்னு பார்த்துட்டு அந்த அடைமொழியை வைக்கிறதா வேண்டாமான்னு முடிவு பண்ணு. மத்த மூணும் நல்ல ஜர்னல், டேபிள் கணக்குக்கு அந்த மூணே முழு 6 மார்க்கையும் கொண்டுவந்துடும், அதனால இதை நினைச்சு பயப்படாத.

எல்லாம் வெட்டி ஒட்டுனா மூணு பக்கம் வரும், அதுக்கு மேல போகவிடாத. எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்ல சேர்ந்த தேதி, இதுவரைக்கும் எந்தப் போஸ்ட்ல இருக்கன்னு ரெண்டும் தெளிவா இருக்கணும், ரெஸ்யூம்ல போட்ட தேதியும் அதுவும் ஒரு நாள் கூட மாறக்கூடாது. என்ஓசி கேட்டா உங்க ஆபீஸ்ல இழுப்பாங்க, இந்த வாரமே எழுதிக் கொடுத்துடு. திருத்தினதை அனுப்பு, ஞாயித்துக்கிழமை நான் ஃப்ரீதான், போன்ல சாலிட் ஸ்டேட்ல இருந்து நான் கேள்வி கேக்குறேன் நீ சொல்லு.

அம்மாவைக் கேட்டதாச் சொல்லு.

உன் மாப்ள