14 பி.டி.யு. மீட்டர்களுக்கு ஆர்டர் போடும் முன் ஒரு வேண்டுகோள்

எங்கள் வணிக வளாகத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். ஏழு தளங்களுக்கும் குளிர்நீர்க் கட்டணம் கணக்கிட 14 புதிய பி.டி.யு. மீட்டர்கள் வாங்க மூன்று கொட்டேஷன்கள் வந்திருப்பதாகச் சுற்றறிக்கையில் படித்தேன். ஓட்ட சென்சாரின் துல்லியத்தை மட்டும் ஒப்பிட்டு, முதல் வகுப்பு மீட்டரையே வாங்கலாம் என்று பேச்சு நடப்பதாகவும் அறிந்தேன். மூன்றாம் தளத்து அலுவலகத்தின் ஏ.சி. பராமரிப்பைப் பார்த்துக்கொள்பவன் நான். இதே சிக்கலில் ஓராண்டு அல்லாடியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். அந்தக் கூடுதல் பணத்தை எங்கே செலவிட வேண்டும் என்பதில்தான் எனக்கு மாற்றுக் கருத்து.

பி.டி.யு. மீட்டர் ஒரு கருவி இல்லை, மூன்று. குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று ஓட்ட சென்சார் சொல்கிறது. உள்ளே வரும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று ஒரு ஜோடி வெப்ப சென்சார்கள் சொல்கின்றன. இரண்டையும் பெருக்கிக் கணக்கிடும் பெட்டி மூன்றாவது. இ.என். 1434 என்ற தரநிலை மூன்றுக்கும் தனித்தனியே பிழை வரம்பு வைத்து, அவற்றைக் கூட்டித்தான் மொத்த வரம்பைச் சொல்கிறது.

எங்கள் தளத்தையே எடுத்துக்கொள்கிறேன். தளத்துக்குக் குளிர்காற்று தரும் ஏ.எச்.யு. 50 டன், குழாய் 100 மி.மீ. டிசைன்படி மணிக்கு 30 கன மீட்டர் நீர் ஓட வேண்டும். நடைமுறையில் 10 கன மீட்டர்தான் ஓடுகிறது. குழாய் அளவுக்கே வாங்கும் 100 மி.மீ. மீட்டரின் பெயரளவு ஓட்டம் பொதுவாக 60 கன மீட்டர். இந்த நிலையில் இரண்டாம் வகுப்பு ஓட்ட சென்சாருக்கு அனுமதித்த பிழை சுமார் 2.1 சதவீதம், முதல் வகுப்புக்குச் சுமார் 1.1. ஆக, வகுப்பை உயர்த்தினால் கிடைப்பது ஒரு சதவீதம்.

இப்போது வெப்பநிலைப் பக்கம் பாருங்கள். நீர் 7 டிகிரியில் வந்து 12-இல் திரும்பினால் வித்தியாசம் 5 டிகிரி. பாதிச் சுமையில் அது 3 டிகிரிக்கும் இறங்குகிறது. மீட்டர் எந்தக் குறைந்தபட்ச வித்தியாசம் வரை சான்று பெற்றது என்பது அதன் பெயர்த்தகட்டில் இருக்கும். அது 3 டிகிரியாக இருந்தால், வெப்ப சென்சார் ஜோடிக்கும் கணக்குப் பெட்டிக்கும் சேர்த்து 5 டிகிரி வித்தியாசத்தில் 3.4 சதவீதமும், 3 டிகிரி வித்தியாசத்தில் 5 சதவீதமும் பிழை அனுமதி உண்டு. 2 டிகிரி வரை சான்று பெற்ற மீட்டருக்கோ அதே 3 டிகிரி வித்தியாசத்தில் சுமார் 3.7 சதவீதம்தான். ஓட்ட சென்சாரின் வகுப்பை உயர்த்துவதைவிட இதில் மிச்சம் அதிகம். கொட்டேஷன் ஒப்பீட்டுத் தாளில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை என்பதுதான் என் முதல் வருத்தம்.

இதுவரை சொன்னது அத்தனையும் சோதனைக்கூடக் கணக்கு. அங்கே நீண்ட நேர்குழாயில், நீர் சீராக ஓடும்போது மீட்டரைச் சோதிப்பார்கள். நம் ஷாஃப்ட்டில் நிலைமை வேறு. எல்போவில் திரும்பிய நீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். அடுத்தடுத்து இரண்டு எல்போக்கள் வெவ்வேறு திசையில் திரும்பினால் நீர் திருகிக்கொண்டு போகும். அந்தச் சுழல் அடங்கப் பல மீட்டர் தூரம் பிடிக்கும். பாதி மூடிய வால்வைத் தாண்டினால் இன்னும் மோசம். அல்ட்ராசோனிக் மீட்டர் தன் ஒலி போகும் பாதையில் உள்ள வேகத்தை மட்டும் அளந்து, முழுக் குழாயிலும் நீர் அப்படியே ஓடுவதாக எடுத்துக்கொள்கிறது. அந்த இடத்தில் வேகம் கூடினாலும் குறைந்தாலும் பில்லும் கூடவோ குறையவோ செய்யும். இந்தப் பிழைக்கு எந்த வகுப்பும் வரம்பு கட்டாது.

எங்கள் பழைய மீட்டர் திரும்பு குழாயில், கண்ட்ரோல் வால்வைத் தாண்டி 40 செ.மீ. தூரத்தில் இருந்தது. பில் கூடுதலாக வருவதாகப் பட்டதால், நேராக மேலே போகும் ரைசர் குழாய்ப் பகுதியில், வெளியிலிருந்தே கட்டி அளக்கும் க்ளாம்ப்-ஆன் மீட்டரை வைத்து மூன்று மதியங்கள் அளந்தேன். எங்கள் மீட்டர் சுமார் 11 சதவீதம் அதிகம் காட்டியது. க்ளாம்ப்-ஆன் அளவிலும் இரண்டு மூன்று சதவீதப் பிழை இருக்கலாம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அந்த இடைவெளியை அது விளக்காது. இதே தவறு இன்னொரு தளத்தில் குறைத்துக் காட்டியிருந்தால், அந்த இழப்பு நம் பொதுக் கணக்கில்தான் விழுந்திருக்கும்.

பொதுவாக அல்ட்ராசோனிக் மீட்டருக்கு முன்னால் குழாய் விட்டத்தைப்போல் 10 மடங்கும் பின்னால் 5 மடங்கும் நேர்குழாய் விடுவது பாதுகாப்பு. மேக்னெட்டிக் மீட்டருக்கு 5 மடங்கும் 3 மடங்கும். முன்னால் வால்வோ பம்ப்போ இருந்தால் இதுவும் போதாது. தயாரிப்பாளரின் கையேடு இதைவிட அதிகம் கேட்டால் அதுதான் கணக்கு. கண்ட்ரோல் வால்வு திரும்பு குழாயில் இருப்பதால், ஓட்ட சென்சாரை உள்வரும் குழாய்க்கு மாற்றச் சொன்னேன். அங்கே கிடைத்த நேர்குழாய் 1.75 மீட்டர். 100 மி.மீ. அல்ட்ராசோனிக் மீட்டருக்கு 1 மீட்டர், அரை மீட்டர், மீட்டர் உடல் 36 செ.மீ. எனக் கூட்டினால் 1.86 மீட்டர் வேண்டும். இடம் போதவில்லை. 80 மி.மீ. மீட்டருக்கு 80 செ.மீ., 40 செ.மீ., உடல் 30 செ.மீ., இரு முனையிலும் ரெட்யூசர் தலா 10 செ.மீ. ஆக மொத்தம் 1.7 மீட்டர். கச்சிதமாக உட்கார்ந்தது. அதன் பெயரளவு ஓட்டம் 40 கன மீட்டர் என்பதால் 30 கன மீட்டர் டிசைன் ஓட்டமும் அதற்குள் அடங்கியது. மாற்றிய பிறகு க்ளாம்ப்-ஆன் அளவோடு வித்தியாசம் 2 சதவீதத்துக்குள் வந்துவிட்டது.

எல்லாத் தளங்களிலும் இவ்வளவு இடம் இருக்காது. ஐந்தாம் தளத்தில் ஒரு மீட்டர் நீள நேர்குழாய்கூடத் தேறாது என்று நினைக்கிறேன். அங்கே மேக்னெட்டிக் மீட்டர்தான் வழி. அதற்குப் பொதுவாக மின் இணைப்பு வேண்டும், பேட்டரியில் ஓடும் அல்ட்ராசோனிக்போல் அல்ல. யு.பி.எஸ். லைனிலிருந்து இணைப்புக் கொடுக்காவிட்டால் ஜெனரேட்டர் மாறும் ஒவ்வொரு முறையும் பதிவு விட்டுப்போகும். எலக்ட்ரோடு பக்கவாட்டில் இருக்கும்படி பொருத்தச் சொல்லுங்கள். மேலே இருந்தால் குழாயின் உச்சியில் தங்கும் காற்று அதை மூடிவிடும்.

நான் கேட்பது இவைதான். ஆர்டருக்கு முன் 14 இடங்களுக்கும் டேப்போடு ஒரு சுற்று வந்து, நேர்குழாய் நீளத்தையும் முன்னால் இருக்கும் வால்வு, எல்போவையும் குறித்துக்கொள்வோம். அதன் பிறகே ஒவ்வொரு இடத்துக்கும் மீட்டர் வகையையும் அளவையும் முடிவு செய்வோம். பொருத்தும் நாளில், வெப்ப சென்சார் ஜோடியை ஒரே பனிநீர் ஃபிளாஸ்கில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் 0.1 டிகிரிக்கு மேல் வேறுபட்டால் ஏற்கக் கூடாது, ஏனென்றால் 5 டிகிரி வித்தியாசத்தில் அதுவே 2 சதவீதம். பிறகு இரு பக்க வால்வையும் மூடி, ஓட்டம் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் மாத முடிவில் 14 மீட்டர்களின் கூட்டுத்தொகையைச் சில்லர் அறையின் முதன்மை மீட்டரோடு ஒப்பிட்டு, அந்தத் தாளை எல்லாக் குத்தகையாளருக்கும் அனுப்புங்கள்.

வருகிற சனிக்கிழமை காலை ஷாஃப்ட் சாவியோடு ஒருவரை அனுப்பினால், ஏணியும் டேப்பும் நான் கொண்டுவருகிறேன். மதியத்துக்குள் 14 இடங்களையும் முடித்துவிடலாம்.

அன்புடன்,
மூன்றாம் தளப் பராமரிப்புப் பொறியாளர்