சென்ற ஞாயிறு மெர்ஜ் ஆன பதினொன்றுக்கு நன்றி

காவிரிப் படுகையின் ஊர், வாய்க்கால், கோயில் பெயர்ப் பட்டியலுக்குச் சின்னச் சின்ன புல் ரெக்வெஸ்ட் அனுப்பிய அனைவருக்கும் வணக்கம்.

பதினொன்றில் நான்கு வெறும் எழுத்துப்பிழைத் திருத்தம். பார்த்ததும் உள்ளே போயின. ஐந்து பேர் ஆளுக்கொரு வாய்க்கால் பெயரைக் கோப்பின் கடைசி வரியில் சேர்த்திருந்தீர்கள். முதலாவது மெர்ஜ் ஆனதும் மற்ற நான்கும் முட்டிக்கொண்டன, ஏனென்றால் எல்லாம் ஒரே இடத்தைத் தொட்டவை. அன்று மாலைக்குள் `git rebase main` செய்து, பெயரை அகரவரிசையில் உரிய இடத்துக்கு நகர்த்தி அனுப்பிய நால்வருக்கும் தனி நன்றி. இனி எல்லோரும் அப்படியே செய்தால் மோதல் வெகுவாகக் குறையும்.

மீதி இரண்டும்தான் பொழுதை எடுத்துக்கொண்டவை.

"கொள்ளிடம்" என்று தேடினால் பாதிப் பதிவுகள் வரவில்லை என்று மன்னார்குடி ஆசிரியை ஒருவர் காட்டினார். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் `len()` போட்டால் ஒன்று 9, மற்றது 10. ஒன்றில் ஒகரக்குறி ஒரே குறியீடு (U+0BCA). மற்றதில் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனி (U+0BC6, U+0BBE). அவர் அனுப்பிய ஒரு வரி, `NFC`, இதைச் சரிசெய்துவிடுகிறது.

ஔகாரத்தில் மட்டும் அது போதாது. நாகப்பட்டினம் சௌந்தரராஜப் பெருமாள் பெயரைச் சிலர் ஒற்றைக்கொம்பு, பிறகு ளகரம் என்று தட்டச்சு செய்திருந்தார்கள். ளகரம் தனி எழுத்து என்பதால் NFC அதைத் தொடாது. கும்பகோணத்து மாணவர் ஒருவர் "ெள" வந்த இடமெல்லாம் "ௌ" ஆக்கும் மாற்றத்தை அனுப்பினார். எண்ணம் சரி. ஆனால் டெஸ்ட் ஓட்டியதும் திருவெள்ளியங்குடி உடைந்துவிட்டது: அங்கே ளகரம் உண்மையான ளகரம், அதன்மேல் புள்ளியும் உண்டு. கோபித்துக்கொள்ளாமல் அரைமணி நேரத்தில் அவரே திருத்தி அனுப்பினார். ளகரத்துக்கு அடுத்து புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் விட்டுவிடு என்பதுதான் புது விதி:

```python
s = unicodedata.normalize("NFC", s)
s = re.sub(r"\u0BC6\u0BB3(?![\u0BBE-\u0BCD\u0BD7])",
           "\u0BCC", s)
```

இதைப் பெயர்ப் பட்டியலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சுவழக்கில் "வெளக்கு" என்று எழுதிய உரையில் ஓட்டினால் "வௌக்கு" ஆகிவிடும்.

கூடவே திருவெள்ளியங்குடியையும் சௌந்தரராஜரையும் நிலையான டெஸ்டாகச் சேர்த்துத் தந்ததற்கும் அந்த மாணவருக்கு நன்றி. அதை நாங்கள் கேட்கக்கூட இல்லை.

— பட்டியல் பராமரிப்புக் குழு, தஞ்சாவூர்