500 யூனிட்டுக்கு 53 சதவீதம், 600 யூனிட்டுக்கு 13 சதவீதம்: மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், வணக்கம்.

2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த உங்கள் கட்டண ஆணையின் காலம் 2026-27 நிதியாண்டோடு முடிகிறது. அடுத்த ஆணைக்கான வேலை தொடங்கும் முன், பழைய ஆணை ஒவ்வொரு ஸ்லாபிலும் என்ன செய்தது என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு ஃப்ரிட்ஜ், கோடையில் இரவு மட்டும் ஒரு ஏசி. அவ்வளவுதான் அந்த வீடு. மானியம் போக, முன்பு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100க்கு 2 ரூபாய், அதற்கு மேல் 500 வரை 3 ரூபாய், நிலைக்கட்டணம் 30. மொத்தம் 1,130 ரூபாய். புதிய ஆணையில் நிலைக்கட்டணம் போனது. ஆனால் 101 முதல் 200 வரை 2.25 ஆனது, 400 வரை 4.50 ஆனது, 401 முதல் 500 வரையிலான யூனிட் 3 ரூபாயிலிருந்து நேராக 6 ரூபாய்க்குப் போனது. பில் 1,725. உயர்வு 595 ரூபாய், ஏறக்குறைய 53 சதவீதம்.

அடுத்த வீட்டில் 600 யூனிட். பழைய முறையில் 500ஐத் தாண்டியவர்களுக்கு அடிமட்டத்திலிருந்தே விலை வேறு: 101 முதல் 200 வரை 3.50, 500 வரை 4.60, அதற்கு மேல் 6.60, நிலைக்கட்டணம் 50. பில் 2,440. புதிய முறையில் 2,750. உயர்வு 310 ரூபாய்தான், 13 சதவீதத்துக்கும் குறைவு. இவர்களுக்கு 201 முதல் 400 வரையிலான யூனிட்டின் விலை 10 காசு குறைந்தே போனது! பழைய முறையில் தனி விலையில் இருந்த 200 யூனிட் வீட்டுக்கு 32 சதவீதம், 300க்கு 27, 400க்கு 36. எந்த வரிசையிலும் அடங்காத எண்கள் இவை.

ஏன் இப்படி ஆனது என்பது புரியாமலில்லை. முன்பு 500ஐ விட ஒரு யூனிட் கூடினால் பில் 1,130லிருந்து சுமார் 1,787க்குத் தாவும். ஒரு யூனிட்டுக்கு 657 ரூபாய் என்பது அநியாயம்தான். அந்தத் தாவலை நீங்கள் 233 ரூபாயாகக் குறைத்தது சரியான வேலை. ஆனால் பள்ளத்தை நிரப்ப மண் எங்கிருந்து வந்தது? 401 முதல் 500 வரை பயன்படுத்துபவர்களிடமிருந்து. அதை யாரும் அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அறிவிப்பில் வந்தது மாதத்துக்கு 297 ரூபாய் 50 காசு கூடும் என்பதுதான். பில்லோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது.

2024 ஜூலையில் வந்த 4.83 சதவீத உயர்வு எல்லா ஸ்லாபிலும் ஏறக்குறைய ஒரே அளவு. 2023, 2025 உயர்வுகளை வீடுகளுக்கு அரசே மானியமாக ஏற்றுக்கொண்டது. அதாவது, 2022இல் உருவான அந்தக் கோணல் அப்படியே நிற்கிறது.

2022 விலையில் மிச்சமிருந்த 233 ரூபாய்த் தாவலில் 225 ரூபாய், 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரைக்கான பாதி மானியம் நிற்பதால் வருவது. அது அரசின் முடிவு, உங்களுடையது அல்ல என்பீர்கள். சரி. ஆனால் ரீடிங் எடுக்கும் நாள் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பது உங்கள் விதிமுறைக்குள் வரும் விஷயம். நாளுக்கு 8 யூனிட் ஓடும் வீட்டில் 60 நாளில் 480 யூனிட். 2022 விலையில் பில் 1,605. ரீடிங் நான்கு நாள் தள்ளினால் 512 யூனிட், பில் 2,046. அடுத்த முறை 56 நாளில் எடுத்து ஈடுகட்டினாலும் அந்த பில் 1,413. இரண்டையும் கூட்டினால், ஒரு யூனிட்கூட அதிகம் செலவழிக்காத வீடு 249 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருக்கும். நாள் கூடினால் ஸ்லாபின் எல்லையும் அதே விகிதத்தில் கூட வேண்டும் என்று விதியில் எழுதுங்கள். 64 நாளுக்கு எல்லை 533 என்றால் இந்தச் சிக்கலே வராது.

அடுத்த கட்டண மனு வரும்போது, 100 யூனிட்டிலிருந்து 1,000 வரை ஒவ்வொரு 50 யூனிட்டுக்கும் பழைய பில், புதிய பில், சதவீத உயர்வு என்று ஒரு பட்டியல் வேண்டும்; இரண்டு மாதக் கணக்கில், மானியம் கழித்து, தமிழில். யூனிட் விலைப் பட்டியலை மட்டும் வைத்து 500க்கும் 600க்கும் உள்ள இந்த வித்தியாசத்தைச் சாதாரண ஆள் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பட்டியல் மனுவோடு சேர்ந்தே வெளிவர வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டம் முடிந்த பிறகு வந்தால், எங்களுக்கு அதில் கேட்க ஒன்றும் மிச்சமிருக்காது.

இப்படிக்கு,
500 யூனிட் ஸ்லாபில் இருக்கும் ஒரு வீட்டு நுகர்வோர்,
திருச்சி