பழைய பாஸ்போர்ட்டுக்கும் புதிய பாஸ்போர்ட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்களுக்காக

பாஸ்போர்ட், விசா, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை விதிகளை வகுக்கும் மத்திய அரசு அதிகாரிகளுக்கு,

வணக்கம். குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். 1955-ஆம் வருடக் குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்தியர் ஒருவர் தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் அந்தக் கணமே அவர் இந்தியக் குடிமகன் இல்லை, யாரும் தனியாக உத்தரவு போட வேண்டியதும் இல்லை. அந்தப் பிரிவைத் தூக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அப்படிக் குடியுரிமை மாறியவர், கையில் புதிய பாஸ்போர்ட் வந்து சேரும்வரை உள்ள இடைவெளியில், வீட்டில் சாவு, உயிருக்கு ஆபத்து என்றால் ஒரே ஒரு முறை இந்தியாவுக்குள் வர ஒரு வழி வையுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

என் தம்பி ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பல வருடமாக வேலை பார்க்கிறான். ஜெர்மனியில் முன்பு எட்டு வருடம் சட்டப்படி வசித்திருந்தால்தான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியும். 2024 ஜூன் 27-இல் அமலுக்கு வந்த புதிய சட்டம் அதை ஐந்தாகக் குறைத்தது. ஜெர்மன் மொழி பி1 என்ற நடுத்தர அளவுக்குத் தெரிய வேண்டும், சொந்தச் சம்பாத்தியம் இருக்க வேண்டும், அப்புறம் குடியுரிமைத் தேர்வு. அதில் 33 கேள்விகள், ஒரு மணி நேரம், 17 சரியாக இருந்தால் பாஸ். மொத்தம் 310 கேள்விகளை முன்கூட்டியே வெளியிட்டு விடுகிறார்கள்: நாடு முழுதுக்கும் பொதுவாக 300, அவரவர் வசிக்கும் மாநிலத்தைப் பற்றி 10. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து படித்தான். தேர்வு அவனுக்குக் கஷ்டமாக இல்லை.

அதே 2024 சட்டம், பழைய குடியுரிமையை விட்டுவிட்டு வா என்று கேட்பதையும் நிறுத்திவிட்டது. அவனோடு அதே நாளில் ஜெர்மன் குடியுரிமைச் சான்றிதழ் வாங்கிய துருக்கிக்காரர் ஒருவர் இரண்டு பாஸ்போர்ட்டோடு வீட்டுக்குப் போனார், ஏனென்றால் துருக்கியும் இரட்டைக் குடியுரிமையை ஒத்துக்கொள்கிறது. என் தம்பிக்கு அந்தச் சான்றிதழ் கைக்கு வந்த நிமிடத்திலேயே பையில் இருந்த இந்திய பாஸ்போர்ட் செல்லாமல் போனது. அட்டை கசங்கவில்லை, காலாவதித் தேதிக்கு இன்னும் வருடங்கள் இருந்தன. ஆனால் அதைக் காட்டிப் பயணம் செய்தால் குற்றம், அபராதம். இது தெரிந்துதான் போனான், அதில் அவனுக்கும் எங்களுக்கும் புகார் இல்லை.

புகார் அதற்கடுத்து நடந்ததில். ஜெர்மன் பாஸ்போர்ட்டுக்கு அந்தச் சான்றிதழ் கிடைத்த பிறகே விண்ணப்பிக்க முடிந்தது. வர வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். அந்த இடைவெளியில் எங்கள் அப்பா தறியில் உட்கார்ந்திருக்கும்போதே சாய்ந்துவிட்டார். லுங்கித் தறி, எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மூளையில் ரத்தக்கசிவு என்று வேலூர் ஆஸ்பத்திரியில் ஐசியூவில் சேர்த்தோம். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "வர வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்கம்மா" என்றார்.

தம்பி அவசரக் கட்டணம் கட்டி எக்ஸ்பிரஸ் பாஸ்போர்ட்டுக்கு மாற்றினான், அதுவும் மூன்று வேலை நாள், நடுவில் சனி ஞாயிறு. இ-விசா போடச் சொல்லேன் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். இ-விசா விண்ணப்பத்தில் முதலில் கேட்பதே புதிய பாஸ்போர்ட்டின் எண்ணைத்தான், அதுவும் பயணத்துக்கு நாலு நாள் முன்னதாகவே போட்டிருக்க வேண்டும். இந்தியத் தூதரகத்துக்கு நேரில் போய் அவசர விசா கேட்டான். நீங்கள் முன்னாள் இந்தியர், முதலில் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து சரண்டர் சர்டிபிகேட் வாங்குங்கள், அப்புறம்தான் விசா என்றார்கள். சரண்டருக்கு விண்ணப்பிக்க என்ன வேண்டும்? புதிய பாஸ்போர்ட்டின் நகல்.

ஆக, புதியது இல்லாமல் பழையதை ஒப்படைக்க முடியாது, ஒப்படைக்காமல் விசா இல்லை, விசா இல்லாமல் விமானம் ஏற முடியாது. அந்த கவுன்ட்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினாராம். "எனக்குப் புரியுதுங்க, ஆனா என் கையில எதுவும் இல்லை" என்றாராம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் எதையும் கொடுக்காதவர்கள் மேல்தான் கோபம், அதனால்தான் மடல் உங்களுக்கு.

அப்பா போய்விட்டார். ஒரே மகன். பழைய பாஸ்போர்ட்டை நீட்டியிருந்தால் ஒருவேளை விமானம் ஏறியிருப்பான், சிலர் அப்படியே செய்யச் சொன்னார்கள். "அக்கா, அது தப்பு, நாளைக்கு ஓசிஐக்கும் வினையாயிடும்" என்று மறுத்துவிட்டான். ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருக்கலாம் என்றால் எத்தனை நாள் என்று சொல்ல யாருக்கும் தெரியவில்லை. பன்னிரண்டாவது படிக்கும் என் மகன் தாத்தாவுக்குக் கொள்ளி வைத்தான், தம்பி போனில் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டத்தை மதித்தவனுக்குக் கிடைத்தது இதுதான்.

பாதுகாப்பு என்று சொல்வீர்கள். அவன் யார் என்று உங்களுக்குத் தெரியாதா? கைரேகை, போட்டோ, பிறந்த ஊர், அப்பா அம்மா பேர், போலீஸ் விசாரணை எல்லாம் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. வெளிநாட்டில் பாஸ்போர்ட்டைத் தொலைத்த இந்தியருக்கு ஊர் திரும்ப எமர்ஜென்சி சர்டிபிகேட் என்று ஒருவழிப் பயணச் சீட்டு ஒன்று தருகிறீர்களே. அதே மாதிரி ஒன்றைக் குடியுரிமை மாறிய முதல் 90 நாளுக்கு, ஆஸ்பத்திரிக் கடிதத்தையோ இறப்புச் சான்றையோ பார்த்துக் கொடுங்கள். அல்லது பழைய பாஸ்போர்ட்டிலேயே ஒரு முத்திரை குத்தி, ஒரு முறை உள்ளே வர மட்டும் செல்லும் என்று எழுதுங்கள். சென்னையில் இறங்கியதும் அதைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். திரும்பிப் போகும் வழியை அவனே பார்த்துக்கொள்வான், ஜெர்மன் துணைத் தூதரகம் சென்னையிலேயே இருக்கிறது.

இரட்டைக் குடியுரிமை பற்றி இருபது வருடத்துக்கு மேலாகப் பேசுகிறோம். 2002-இல் எல்.எம். சிங்வி தலைமையிலான உயர்நிலைக் குழுவே அதை அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. கடைசியில் வந்தது ஓசிஐ அட்டை. ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது, அரசு வேலை கிடையாது, ஆனால் எப்போது வேண்டுமானாலும் வந்து போகலாம், அந்த ஒரு வசதிக்காகவே எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த அட்டைக்கும் முதலில் சரண்டர், அப்புறம் விண்ணப்பம், அப்புறம் வாரக்கணக்கில் காத்திருப்பு. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் வேலை கற்றுக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர், அவர்கள் அனுப்பும் பணம் வேண்டும், அவர்கள் பெருமை வேண்டும், அவசரத்துக்கு ஒரு கதவு மட்டும் கிடையாதா? பேச்சு எங்கோ போய்விட்டது, மன்னியுங்கள். பெரிய விஷயத்தை நாடாளுமன்றம் முடிவு செய்யட்டும்.

நான் கேட்பதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாது என்று நினைக்கிறேன். விசா கொடுப்பது உங்கள் அதிகாரத்தில் இருக்கிறது. குடியுரிமைச் சான்றிதழும் பழைய இந்திய பாஸ்போர்ட்டும் கையில் இருந்து, புதிய பாஸ்போர்ட் வராதவர்களுக்கு, வீட்டில் சாவோ உயிராபத்தோ என்றால் ஒரே நாளில் ஒருமுறை நுழைவு அனுமதி தரும்படி எல்லாத் தூதரகங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். சரண்டரை ஊருக்கு வந்த பிறகு செய்துகொள்ளலாம் என்று அதிலேயே எழுதுங்கள். தயவுசெய்து இதைப் பரிசீலித்து, முடியும் முடியாது எதுவானாலும் ஒரு பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
குடியாத்தத்திலிருந்து ஒரு அக்கா