மூன்று இடங்களை இப்போதே விட்டுவிடச் சொல்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேதியியல் முனைவர் பட்டப் படிப்புக்காக அமெரிக்காவில் நான்கு இடங்களிலிருந்து உதவித்தொகையுடன் ஆஃபர் வந்திருப்பதும், அவள் மிகவும் விரும்பும் ஐந்தாவது பல்கலைக்கழகம் அவளைக் காத்திருப்புப் பட்டியலில் வைத்திருப்பதும் அறிந்து மகிழ்ந்தேன். நான் எங்கள் துறையின் சேர்க்கைக் குழுவிலிருந்து சென்ற ஆண்டோடு விலகிவிட்டேன். ஆகையால் மேசைக்கு அந்தப் பக்கம் நடப்பதை உனக்குத் தயக்கமில்லாமல் எழுத முடிகிறது.

"நான்கையும் கடைசி நாள் வரை கையில் வைத்திருப்பதில் என்ன நஷ்டம்?" என்று கேட்டிருக்கிறாய். நம் ஊர் பொறியியல் கவுன்சிலிங்கை மனத்தில் வைத்துக் கேட்கிறாய் என்று நினைக்கிறேன். அங்கே கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு மேல்நோக்கி நகர விருப்பம் தெரிவித்தால், மேலே ஓர் இடம் காலியானதும் கணினியே மாணவனை அங்கே ஏற்றிவிட்டு, அவனது பழைய இடத்தைத் தர வரிசையில் அடுத்தவனுக்குக் கொடுத்துவிடும். அமெரிக்க முனைவர் பட்டச் சேர்க்கையில் அப்படி ஒரு பொதுக் கணினி கிடையாது. ஒவ்வொரு துறையும் தனித்தனியாக இடம் கொடுக்கிறது. உன் மகள் வேறிடத்தில் சேர முடிவு செய்ததை அவளே எழுதித் தெரிவித்தால் ஒழிய மற்ற மூன்று துறைகளுக்கும் தெரிய வழியில்லை.

இங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் 'ஏப்ரல் 15 தீர்மானம்' என்ற ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டிருக்கின்றன. கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்னும் அமைப்பு அதை நடத்துகிறது. கையெழுத்திட்டவர்களின் பட்டியல் அதன் இணையதளத்திலேயே இருக்கிறது. உதவித்தொகையுடன் கூடிய ஆஃபருக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லும்படி எந்த மாணவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதே அதன் சாரம். ஆகவே அந்த நாள் வரை காத்திருப்பது அவளுடைய உரிமைதான். ஆனால் எந்த நிலையிலும் தேர்ந்தெடுக்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்ட இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பதற்காக அந்த உரிமை கொடுக்கப்படவில்லை.

அதனால் என்ன ஆகிறது என்பதை ஒரு கணக்கு வைத்துச் சொல்கிறேன். ஒரு துறையிடம் பத்து மாணவர்களுக்குப் பணம் இருக்கிறது என்று வைத்துக்கொள். பாதிப் பேர் வேறிடம் போய்விடுவார்கள் என்று அனுபவத்தில் தெரியுமாதலால் இருபது பேருக்கு ஆஃபர் அனுப்புகிறார்கள். மார்ச் முடியும்போது ஐந்து பேர் சம்மதித்துவிட்டார்கள், ஆறு பேர் மறுத்துவிட்டார்கள், ஒன்பது பேரிடமிருந்து பேச்சே இல்லை. அந்த ஒன்பது பேரும் ஒருவேளை வந்துவிட்டால் மொத்தம் பதினான்கு பேர் ஆகிவிடும். நான்கு பேருக்குப் பணம் இல்லை. ஆகையால் அவர்கள் வாய் திறக்கும் வரை காத்திருப்புப் பட்டியலிலிருந்து ஒருவரைக்கூடக் கூப்பிடக் குழுவுக்குத் துணிவு வராது. அவர்களுள் ஏழு பேர் வரப்போவதில்லை என்று மனத்துக்குள் முடிவு செய்து மூன்று வாரம் ஆகியிருக்கும்; அதைச் சொல்லாமல் இருப்பார்கள், அவ்வளவுதான். பிறகு ஏப்ரல் 14, 15 தேதிகளில் மறுப்புகள் மொத்தமாக வந்து குவியும். 15-ஆம் தேதி மதியம் ஒரு மாணவரைத் தொலைபேசியில் அழைத்து, மாலைக்குள் பதில் சொல்லுங்கள் என்று கேட்க நேரும். அந்த மாணவர் வேறோர் இடத்துக்கு முதல் நாளே சம்மதம் கொடுத்திருப்பார். இந்த அழைப்புகளை நானே செய்திருக்கிறேன். குழுப் பணியில் எனக்குப் பிடிக்காத வேலை அதுதான்.

உன் மகள் காத்துக்கொண்டிருக்கும் ஐந்தாவது இடத்திலும் இன்று இதே நிலைதான் இருக்கும். அங்கே யாரோ ஒருவர் விடாமல் பிடித்திருக்கும் இடத்துக்காகத்தான் அவள் காத்திருக்கிறாள்.

காத்திருப்புப் பட்டியல் பெரும்பாலும் ஒன்று, இரண்டு என்று எண்ணிட்ட வரிசையாக இராது. கரிம வேதியியலில் ஒருவர் விலகினால் கரிம வேதியியலுக்கு வர விரும்பும் ஒருவரைத்தான் பெரும்பாலும் தேடுவார்கள். பேராசிரியர்களின் ஆய்வு நிதியும் ஆய்வகத்தில் உள்ள இடமும் அதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே 'என் வரிசை எண் என்ன?' என்று கேட்பதில் பயனில்லை. சேர்க்கைக் குழுத் தலைவருக்கு அவள் எழுதும் கடிதத்தில் தன் பிரிவையும், பணிபுரிய விரும்பும் இரண்டு மூன்று பேராசிரியர்களையும் குறிப்பிட்டு, இடம் கிடைத்தால் நிச்சயம் வருவேன் என்பது உண்மையானால் அதையும் எழுதட்டும். உண்மையில்லை என்றால் அந்த வரியை எழுத வேண்டாம். இப்படி ஒரு கடிதம் போதும்; வாரந்தோறும் நினைவூட்டினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

இனி அவள் செய்ய வேண்டியது. நான்கு ஆஃபர்களில், ஐந்தாவது கிடைக்காவிட்டால் எங்கே போவாள் என்பதை அவள் இந்த வாரமே முடிவு செய்ய முடியும். நீ எழுதியதைப் பார்த்தால் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் உடனே விட்டுவிடட்டும். விண்ணப்பத் தளத்தில் மறுப்புப் பொத்தானை அழுத்தினால் மட்டும் போதாது. அது அலுவலகத்தில் தங்கிவிட்டுக் குழுவுக்குத் தாமதமாக வந்து சேர்வதுண்டு. குழுத் தலைவருக்கும், தன்னோடு பேசிய பேராசிரியருக்கும் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். நான்கு வரி போதும்: "எனக்கு இடமும் உதவித்தொகையும் அளித்ததற்கு நன்றி. யோசித்துப் பார்த்து வேறொரு பல்கலைக்கழகத்தில் சேர முடிவு செய்திருக்கிறேன். ஆகவே உங்கள் ஆஃபரிலிருந்து விலகிக்கொள்கிறேன். பேராசிரியர் என்னோடு பேச ஒதுக்கிய நேரத்துக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்." எங்கே சேர்கிறாள் என்பதைச் சொல்வது அவள் விருப்பம், கேட்டால் சொல்வதில் தவறில்லை. நீண்ட மன்னிப்புக் கோரல் வேண்டாம். அந்தப் பேராசிரியர்களை நாளை மாநாடுகளில் சந்திப்பாள். மறுத்ததற்காக யாரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை, பதிலே சொல்லாதவர்களை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கையில் வைத்திருக்கும் ஒன்றுக்கு ஏப்ரல் 15 வரை சம்மதம் சொல்லாமல் இருக்கலாம். கெடு மாலை ஐந்து மணி, அதுவும் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் என்றால், உங்களுக்கு அது மறுநாள் அதிகாலை இரண்டரை மணி. தூங்கிப்போய்விட வேண்டாம் என்று சொல். சம்மதம் கொடுத்த பிறகு, 15-ஆம் தேதி முடிவதற்குள் ஐந்தாவது இடம் வந்தால், முதலில் உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு, கல்விக் கட்டணம் தள்ளுபடியா என்பவற்றோடு ஆஃபர் எழுத்தில் வரட்டும். வந்த பின் முன்பு சம்மதித்த இடத்துக்கு விலகல் கடிதம் எழுதிவிட்டு, அதன்பின் புதியதை ஏற்க வேண்டும். இரண்டு சம்மதங்கள் ஒரே நேரத்தில் நிலுவையில் இருக்கக் கூடாது. 15-ஆம் தேதிக்குப் பிறகு அழைப்பு வந்தால் நிலைமை வேறு. கொடுத்த சம்மதத்தை இரு தரப்பும் காப்பாற்றும் என்ற எதிர்பார்ப்பு அப்போது ஏற்பட்டுவிடுகிறது. ஆகவே முதலில் சம்மதித்த துறையிடம் நிலைமையைச் சொல்லி, விடுவிக்கும்படி கேட்ட பிறகே புதிய இடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். பொதுவாக விட்டுவிடுவார்கள், ஆனால் கேட்காமல் மாறக் கூடாது.

காத்திருக்க வேண்டாம் என்று எப்போது முடிவு செய்தாலும், அந்தப் பட்டியலிலிருந்தும் பெயரை எடுக்கச் சொல்லி அவள் எழுத வேண்டும். பலர் இதை மறந்துவிடுவதால், வரப்போகாதவரைக் கூப்பிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதிலேயே துறைக்கு ஒரு நாள் போய்விடுகிறது. அடுத்து நிற்பவரும் இந்தியாவிலிருந்து வரும் மாணவராக இருந்தால் அந்தத் தாமதம் கூடுதலாக உறுத்தும். சம்மதம் கொடுத்து, பண ஆவணங்கள் அனுப்பி, விசாவுக்காகப் பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவம் வந்து, அதன்பிறகுதான் விசா நேர்காணலுக்கு நாள் வாங்க வேண்டும். வகுப்போ ஆகஸ்டில் தொடங்கிவிடும்.

மூன்று மறுப்புக் கடிதங்களையும் அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்ட வேண்டும் என்று அவள் நினைத்தால் அனுப்பட்டும், அன்றைக்கே பார்த்துத் தருகிறேன். ஆனால் அதற்காகத் தாமதிக்க வேண்டாம். ஐந்தாவது இடத்திலிருந்து எந்தப் பதில் வந்தாலும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்