கோல வகுப்புக்கு மாசம் 150 ரூபாய்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். கிருஷ்ணகிரியில் காலையில் பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. "கோலம் கத்துக்க யாரும்மா காசு குடுப்பாங்க, ஸ்போக்கன் இங்கிலீஷ் வெச்சா நாலு பேர் கூட வருவாங்க" என்று அன்றைக்குப் போனில் கேட்டாயே, அதற்கு ஆற அமரப் பதில் சொல்லலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

இங்கிலீஷுக்குப் பின் தெருவில் ஒரு டீச்சர் இருக்கிறார். அவர் பிழைப்பில் நான் ஏன் கை வைக்க வேண்டும்? எனக்குத் தெரிந்தது புள்ளிகளைச் சுற்றி மாவுக் கோட்டை இழையாக வளைத்துப் போடும் சிக்குக் கோலம். சனி, ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம். ஒரு பிள்ளைக்கு மாசம் 150 ரூபாய்.

முதலில் மாவை யார் கையிலும் தருவதில்லை. கணக்கு நோட்டும் பென்சிலும்தான். இரண்டு புள்ளி, இரண்டு வரிசை வைக்கச் சொல்வேன். விதி மூன்றே மூன்று. இழை எந்தப் புள்ளியையும் தொடக்கூடாது. பக்கவாட்டிலோ மேல்கீழாகவோ அடுத்தடுத்த புள்ளிகள் இரண்டுக்கும் நடுவே, இழை குறுக்கே கடக்கும் ஒரு வெட்டு விழ வேண்டும். ஓரத்துக்கு வந்த இழை வளைந்து உள்ளே திரும்ப வேண்டும். இப்படிப் போட்டால் எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு புள்ளியை மட்டும் சுற்றிக்கொண்டு இழை முடிந்துவிடும். மிச்ச இரண்டுக்கு இன்னொரு இழை போட வேண்டும். அதையே இரண்டு புள்ளி மூன்று வரிசையாக வைத்தால் ஒரே இழை எல்லாப் புள்ளியையும் சுற்றிவிட்டு ஆரம்பித்த இடத்துக்கே வரும்.

மூன்றுக்கு மூன்று வைத்தால் மூன்று இழை. மூன்றுக்கு நான்கு வைத்தால் ஒன்று. நான்குக்கு ஆறு வைத்தால் இரண்டு. ஏன் என்று நான் சொல்லவில்லை. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்திதான், "ஆன்ட்டி, இது மீப்பெரு பொதுக் காரணி" என்று கத்தினாள். நான் இத்தனை வருஷம் கையால் போட்டதற்கு அவள் பெயர் சொல்லிவிட்டாள்! புள்ளியும் வரிசையும் எத்தனை என்று தெரிந்தால், கோலம் போடும் முன்பே எத்தனை இழை என்று சொல்லிவிடலாம். நேர்ப்புள்ளியில், எல்லா இடத்திலும் வெட்டு வைத்துப் போட்டால்தான் இந்தக் கணக்கு. இரண்டு புள்ளியின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசைப் புள்ளி வைக்கும் ஊடுபுள்ளிக்கு இது செல்லாது.

போன வாரம் ஒரு பையன் இரண்டு புள்ளி மூன்று வரிசை போட்டான். இழை பாதியிலேயே ஆரம்பித்த இடத்துக்கு வந்துவிட்டது, மீதிப் பாதி போடாமலே கிடக்கிறது. அழுகிற முகம். அழிக்காதே, வெட்டை எண்ணு என்றேன். ஏழு இருக்க வேண்டும், ஆறுதான் இருந்தது. நடு வரிசையின் இரண்டு புள்ளிக்கும் இடையில் இழை குறுக்கே போகாமல், இடதில் இருந்து வந்தது இடதுக்கே வளைந்து போயிருக்கிறது. வலதிலும் அதே கதை. அந்த ஒரு வளைவால் ஒரே இழை இரண்டாகப் பிரிந்துவிட்டது.

இதைத் திருப்பியும் பயன்படுத்தலாம். இரண்டுக்கு இரண்டில் இரண்டு இழையும் சந்திக்கும் வெட்டு ஒன்றைத் திறந்து இரு பக்க வளைவாக மாற்றிவிட்டால், இரண்டும் ஒன்றாகிவிடும். அதற்கு அப்புறம் புதுக் கோலங்களைப் பிள்ளைகளே உண்டாக்குகிறார்கள். கோலப் புத்தகம் ஒன்றுகூட நான் வாங்கித் தரவில்லை.

தரைக்கு வந்தால் சிரமம் வேறு. தண்ணீர் தெளித்த உடனே போட்டால் இழை ஊறிப் பரந்துவிடும். நன்றாகக் காய்ந்துபோனால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். ஈரம் பாதி வற்றிய நேரம்தான் சரி. பிள்ளைகள் மாவை அழுத்திப் பிடிப்பதால் கட்டி கட்டியாக விழுகிறது. கட்டைவிரலை ஆள்காட்டி விரல்மேல் லேசாகத் தேய்த்துக்கொண்டே கையை நகர்த்த வேண்டும். பச்சரிசி மாவு மட்டும் என்றால் வியர்வையில் விரலில் ஒட்டிக்கொள்ளும், அதனால் பழகும்வரை வெள்ளைக்கல் கோலப்பொடியைக் கலந்து தருகிறேன். புள்ளி கோணலாக விழாமல் இருக்க, நாலு விரற்கடைக்கு ஒரு கோடு கிழித்த குச்சி ஒன்று வைத்திருக்கிறேன். உன் அப்பா செய்து கொடுத்தது, அதற்கு அவர் கூலி கேட்கிறார்!

இப்போது காசு தரும் பிள்ளைகள் ஒன்பது பேர், மாசம் 1,350 ரூபாய். பொடிக்கும் நோட்டுக்கும் போக ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல் நிற்கும். மார்கழியில் கூட்டம் வரும், தை பிறந்தால் குறையும். அதனால்தான் அந்த மாசக் காசை ஐந்தாம் தேதிக்குள் வாங்கிவிடுகிறேன். அக்கா தங்கை இருவராக வந்தால் 250 போதும் என்று நினைக்கிறேன். ஒரு வீட்டில் காசுக்குப் பதில் கேழ்வரகு தருகிறேன் என்றார்கள், சரி என்றேன். உனக்கும் அதில் ஒரு படி மாவு அரைத்து வைத்திருக்கிறேன், பொங்கலுக்கு வரும்போது எடுத்துப் போ.

அன்புடன்,
அம்மா