ஆளுக்கு இவ்வளவு என்று ஏன் விலை வைக்கவில்லை

வணக்கம்.

சோதனைக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. அடுத்த மாதத்திலிருந்து எங்கள் கணக்கு மென்பொருளுக்குச் சந்தா கட்டணம் உண்டு. எவ்வளவு என்பதைவிட எதை எண்ணிக் காசு கேட்கப்போகிறோம் என்பதில்தான் எங்களுக்குள் அதிகச் சண்டை நடந்தது, அதனால் அதை மட்டும் இங்கே விளக்குகிறேன். கணக்கு எழுதுகிறவர்களுக்கு எழுதுகிறேன், கூட்டிக் கழித்துப் பார்க்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும்.

முதலில் நாங்கள் யோசித்தது எல்லாரும் செய்வதைத்தான்: எத்தனை பேர் பயன்படுத்துகிறார்களோ அத்தனை லாகின், லாகினுக்கு மாதம் இவ்வளவு. பில் போடுவது எளிது, புரிவதும் எளிது. ஆனால் சோதனையின்போது ஓர் அலுவலகத்தில் ஒரு கிளையன்டின் வங்கிக் கணக்கு ஒத்துப்போகாமல் நின்றது. யாரோ ஒரு பதிவைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், யார் என்று பார்க்கப் போனால் திருத்த வரலாறு முழுக்க ஒரே பெயர். அந்தப் பெயருக்கு உரியவர் அன்று விடுப்பில் இருந்தார். அங்கே 5 பேர் வேலை பார்க்க, இருந்தது 2 லாகின்தான்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வரித் தாக்கல் சீசனில் 3 மாதத்துக்கு இரண்டு பேரைக் கூடுதலாகப் போட்டுக்கொள்கிற அலுவலகம், அந்த இரண்டு பேருக்கும் தனி லாகின் வாங்குவதைவிடப் பாஸ்வேர்டைச் சொல்லிவிடுவதுதான் நடக்கும். நாங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். யார் எழுதினார், யார் திருத்தினார் என்ற தடம் இல்லாவிட்டால் கணக்கு மென்பொருளில் பாதிப் பயன் போய்விடுகிறது. அந்தத் தடத்தை அழிக்கச் சொல்லித் தூண்டுகிற விலையை நாங்களே வைக்கக் கூடாது அல்லவா? அதற்கப்புறம் பதிவேட்டைத் துருவிப் பார்த்தோம்: ஒரே லாகின் ஒரே நேரத்தில் இரண்டு கணினிகளில், சீசனில் பதிவுகள் இரண்டு மடங்கு, ஆனால் லாகின் எண்ணிக்கை மட்டும் அப்படியே. இது அந்த ஓர் அலுவலகத்தின் கதை மட்டும் இல்லை.

சரி, கிளையன்டை எண்ணலாம் என்று திரும்பினோம். உங்கள் வருமானமே கிளையன்டால்தான் வருகிறது, அவர்கள் கூடினால் எங்களுக்கும் கூடட்டும், குறைந்தால் குறையட்டும். இதிலும் ஒரு முள் இருந்தது. உங்கள் பட்டியலில் இருக்கிற எல்லாருக்கும் மாதாமாதம் வேலை நடப்பதில்லை. வருடத்துக்கு ஒருமுறை காகிதக் கட்டோடு வந்து, தாக்கல் முடிந்ததும் அடுத்த வருடம்தான் முகத்தைக் காட்டுகிற ஆட்கள்தான் சிறிய அலுவலகங்களில் பெரும்பாலும் அதிகம். அவர்களுக்கும் 12 மாதம் கட்டச் சொன்னால், பழைய கிளையன்டின் கோப்பை அழித்துவிட்டு அடுத்த வருடம் புதிதாகத் தொடங்குவீர்கள், சென்ற ஆண்டின் முடிவு இருப்பும் அதோடு போகும்.

ஆகவே, வேலை நடந்த மாதத்தை மட்டும் எண்ணுவது என்று முடிவு செய்தோம். ஒரு கிளையன்டின் கோப்பில் ஒரு மாதத்தில் பதிவு போட்டாலோ, திருத்தினாலோ, வங்கி அறிக்கையை உள்ளே ஏற்றினாலோ, தாக்கல் அனுப்பினாலோ அது ஒரு "கிளையன்ட்-மாதம்". ஒரு பதிவு போட்டாலும் ஆயிரம் போட்டாலும் ஒன்றுதான். திறந்து பார்ப்பது, அச்செடுப்பது, தரவை வெளியே எடுத்துக்கொள்வது எதுவும் எண்ணிக்கையில் வராது. லாகின் எத்தனை வேண்டுமானாலும் இலவசம்.

எண்களோடு பார்க்கலாம். பணத்தின் பெயர் வேண்டாம், அலகு என்றே வைத்துக்கொள்வோம். ஓர் அலுவலகத்தில் நிரந்தரமாக 3 பேர், சீசனில் 3 மாதம் மட்டும் இன்னும் 2 பேர். கிளையன்ட் 120, அதில் 35 பேருக்கு மாதா மாதம் வேலை, மீதி 85 பேருக்கு வருடத்தில் 2 மாதம் மட்டும். லாகினுக்கு மாதம் 20 அலகு என்றால் நியாயப்படி வருடத்துக்கு 840 வர வேண்டும். உண்மையில் 2 லாகினை வாங்கிப் பகிர்ந்துகொள்வார்கள், வருவது 480. எல்லாக் கிளையன்டுக்கும் மாதம் 1 அலகு என்றால் 1440, அதைக் கேட்டதும் எழுந்து போய்விடுவார்கள். வேலை நடந்த மாதங்களை எண்ணினால் 35 பேருக்கு 420, 85 பேருக்கு 170, ஆக 590. அதோடு அடிப்படைக் கட்டணம் மாதம் 15 வீதம் 180. மொத்தம் 770.

அடிப்படைக் கட்டணம் ஏன் என்று கேட்பீர்கள். நீங்கள் ஒரு பதிவும் போடாத மாதத்திலும் உங்கள் தரவைக் காக்கும் செலவும், தொலைபேசியை எடுக்கிற ஆளின் சம்பளமும் எங்களுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இன்னொரு சிக்கல் சீசன் மாதத்து பில். மேலே சொன்ன அலுவலகத்துக்குச் சாதாரண மாதத்தில் 50 வரும், 85 பேரும் ஒன்றாக வந்து நிற்கிற மாதத்தில் 135. அதுவும் கிளையன்டிடமிருந்து உங்களுக்குப் பணம் வந்து சேராத நேரம் பார்த்து. அதனால் மாதத்துக்கு மாதம் மாறுகிற பில்லே வேண்டாம் என்று வைத்தோம். வருடத்துக்கு எத்தனை கிளையன்ட்-மாதம் தேவைப்படும் என்று நீங்களே ஒரு மதிப்பு சொல்லுங்கள், அதையும் அடிப்படைக் கட்டணத்தையும் கூட்டி 12 சம தவணையாக்கிக் கட்டிக்கொண்டே வரலாம், எந்த மாதத்தில் வேண்டுமானாலும் செலவழிக்கலாம். மிஞ்சினால் அடுத்த வருடத்துக்குப் போகும். தாண்டினால் அதே விலைதான், அபராதம் இல்லை. 50 கிளையன்ட் வரை ஒரு விலை, 51 ஆனால் சட்டென்று வேறு விலை என்ற படிக்கட்டும் இல்லை. அந்தப் படிக்கட்டு இருந்தால் 51ஆவது கிளையன்டை உள்ளே ஏற்றாமல் தனி விரிதாளில் வைத்துக்கொள்கிறார்கள், சோதனையில் அதையும் பார்த்தோம்.

இந்த முறையிலும் ஓட்டை இருக்கிறது. மூன்று மாத வேலையைச் சேர்த்துவைத்து ஒரே மாதத்தில் போட்டால் ஒன்றாகத்தான் எண்ணப்படும். இதைத் தடுக்க விதி போட முயன்றோம், விதி நீண்டுகொண்டே போனது, படித்துப் பார்த்தபோது எங்களுக்கே புரியவில்லை. விட்டுவிட்டோம். கணக்கை மூன்று மாதம் தள்ளிப்போட்டால் கிளையன்ட் சும்மா இருக்கமாட்டார் என்பதுதான் எங்கள் நம்பிக்கை.

எல்லாருக்கும் இது லாபம் என்று சொல்ல மாட்டேன். 2 பேர் மட்டும் இருந்து 300 வருடாந்திரக் கிளையன்டைப் பார்க்கிற அலுவலகத்துக்கு லாகின் முறையில் 480தான் ஆகும், எங்களிடம் 300 பேருக்கு இரண்டிரண்டு மாதமாக 600, அடிப்படை 180, ஆக 780. வேறு எந்த வசதியும் தேவையில்லை என்றால் அவர்கள் லாகின் கணக்கில் விற்பவரிடம் போவதே நல்லது. 30 பெரிய கிளையன்டை 4 பேர் பார்க்கிற இடத்தில் நிலைமை நேர்மாறு: அங்கே 960, இங்கே 540.

உங்கள் கணக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று ஊகிக்க வேண்டாம். சோதனைக் காலத்தில் ஒவ்வொரு கிளையன்டுக்கும் எத்தனை மாதம் வேலை நடந்தது என்ற பட்டியல் உங்கள் "அறிக்கைகள்" பக்கத்தில் இருக்கிறது. சோதனையில் சீசன் வரவில்லை என்றால் வருடாந்திரக் கிளையன்டுக்கு ஆளுக்கு 2 சேர்த்துக்கொள்ளுங்கள். அதே பட்டியலை வைத்து எந்தக் கிளையன்டுக்கு மென்பொருள் செலவு எவ்வளவு என்று உங்கள் பில்லிலும் காட்டலாம், லாகின் முறையில் அது முடியாது.

தொடர விருப்பம் இல்லாதவர்களின் தரவு அழியாது. ஒரு வருடம் பார்க்கவும் வெளியே எடுக்கவும் காசில்லாமல் திறந்திருக்கும். தொடர்கிறவர்கள் மாத இறுதிக்குள் உங்கள் மதிப்பை இந்த மடலுக்கே பதிலாக எழுதி அனுப்புங்கள், தப்பாகப் போட்டாலும் பரவாயில்லை, நான்காவது மாதத்தில் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்,
விற்பனையையும் பில்லையும் பார்க்கிறவன்